கர்ப்ப காலத்தில் டை, நெயில் பாலிஷ், கொசுவத்தி, பாத்ரூம் ஆசிட்: உண்மையில் எதற்கு ஒதுங்க வேண்டும்?

மாசமாக இருக்கும் பெண்ணுக்கு வீட்டில் கிடைக்கும் முதல் அறிவுரைகளில் "டை அடிக்காதே, நெயில் பாலிஷ் போடாதே" என்பது நிச்சயம் இருக்கும். அதே வீட்டில் ராத்திரி ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருளைக் கொளுத்தி வைப்பார்கள். பாத்ரூமில் ப்ளீச்சிங் பவுடரைத் தூவி, கறை போகவில்லை என்று அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றுவார்கள். பயப்பட வேண்டிய இடத்தில் பயம் இல்லை, தேவையில்லாத இடத்தில் நிறைய இருக்கிறது. இதற்குக் காரணம் அலட்சியம் இல்லை. ஒரு பொருள் வயிற்றில் இருக்கும் குழந்தையை எப்படிச் சென்றடைகிறது என்பதை யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

பாட்டிலில் இருப்பது வேறு, குழந்தைக்குப் போவது வேறு

மளிகைக் கடையில் ஒரு மூட்டை உப்பு இருக்கிறது என்பதால் உங்கள் வீட்டுக் குழம்பு கரிக்காது. குழம்பில் எத்தனை ஸ்பூன் விழுந்தது என்பதுதான் கணக்கு. ரசாயனமும் அப்படித்தான். பாட்டிலில் இருப்பது முதலில் தாயின் உடம்புக்குள் நுழைய வேண்டும், பிறகு ரத்தத்தில் கலக்க வேண்டும், அதன்பின் நஞ்சுக்கொடியைத் தாண்ட வேண்டும். நஞ்சுக்கொடி என்பது தாயின் ரத்தத்திலிருந்து ஆக்ஸிஜனையும் சத்தையும் எடுத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் உறுப்பு. அது சுவர் இல்லை, சல்லடை. சிகரெட்டின் நிகோடின், சாராயம், சில வாயுக்கள் போன்ற சிறிய மூலக்கூறுகள் அதில் எளிதாகப் புகுந்துவிடும். அதனால் நஞ்சுக்கொடி எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. தாயின் ரத்தத்துக்கே எவ்வளவு வருகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ரத்தத்துக்குள் நுழைய இரண்டு வாசல்கள் இங்கே முக்கியம். ஒன்று தோல். கையில் மஞ்சள் அரைத்தால் இரண்டு நாள் கறை நிற்கிறது, ஆனால் ரத்தம் மஞ்சளாவதில்லை. தோலின் மேல் அடுக்கு பெரும்பாலானவற்றை வெளியிலேயே நிறுத்திவிடும். இன்னொன்று நுரையீரல். அடுப்படியில் மிளகாய் வறுத்தால் வாசலில் இருப்பவர் இருமுகிறார். நுரையீரலின் உட்சுவர் மிக மெல்லியது. விரித்துப் பார்த்தால் தோலைவிடப் பல மடங்கு பெரிய பரப்பு. காற்றில் கலந்த பொருளுக்கு அது அகலத் திறந்த கதவு.

மாதமும் கணக்கில் வரும். கடைசி மாதவிலக்கு நாளிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ 5-ஆம் வாரத்திலிருந்து 10-ஆம் வாரம் வரை குழந்தையின் இதயம், கை, கால், முகம் எல்லாம் உருவாகின்றன. டாக்டர்கள் முதல் மூன்று மாதம் கூடுதலாகக் கவனமாக இருக்கச் சொல்வது இதனால்தான்.

நெடியை மட்டும் நம்ப வேண்டாம். கர்ப்பத்தில் வாசனை பலருக்கும் பல மடங்கு தூக்கலாகத் தெரியும். துளி நெயில் பாலிஷும் வயிற்றைப் புரட்டும். ஆனால் ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எந்த வாசல் வழியாக, எவ்வளவு, எத்தனை நேரம், எந்த மாதத்தில். இனி ஒவ்வொரு பொருளையும் இந்த நான்கையும் வைத்துப் பார்ப்போம்.

தலைச்சாயம்: பயம் பெரிது, அளவு சிறிது

நரையை மறைக்கும் நிரந்தர டையில் முக்கியமான பொருள் பி.பி.டி. எனப்படும் பாராஃபினைலீன்டையமின். டெவலப்பர் என்ற ஹைட்ரஜன் பெராக்சைடுடன் கலந்ததும் அது முடிக்குள் போய்க் கருப்பாக மாறி அங்கேயே சிக்கிக்கொள்ளும். தலையில் அரை மணி நேரம் இருக்கும்போது தோல் வழியாக ரத்தத்துக்குப் போவது, பூசியதில் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தலைக்கு 50 கிராம் கலவை, அதில் 2 சதவீதம் பி.பி.டி. என்றால் மொத்தம் 1 கிராம். அதில் 1 சதவீதம் என்று கூட்டியே வைத்தாலும் 10 மில்லிகிராம். அதையும் உடம்பு உருமாற்றி, பெரும்பகுதியை ஒரு நாளுக்குள் சிறுநீரில் வெளியேற்றிவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டை அடிப்பவர் முதல் மூன்று மாதத்தைத் தாண்டிய பிறகு, உச்சந்தலையில் புண் இல்லாதபோது, கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து அடித்துக்கொள்ளலாம். அட்டையில் போட்ட நேரத்துக்கு மேல் ஊற வைக்காமல் நன்றாக அலசிவிட வேண்டும்.

உண்மையான தொல்லை ஒவ்வாமை. முன்பு ஒத்துக்கொண்ட டையே திடீரென்று முகத்தை வீங்க வைக்கலாம். அதனால் 48 மணி நேரத்துக்கு முன்பே காதுக்குப் பின்னால் துளி தடவிச் சோதிக்கும் வழக்கத்தைக் கர்ப்பத்தில் விட்டுவிடக் கூடாது. புருவத்துக்கு இந்த டை எப்போதுமே கூடாது, கண்ணைக் கெடுக்கும்.

பார்லரில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. முடியை நேராக்கும் கெராட்டின், ஸ்மூத்தனிங் சிகிச்சைகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு, அல்லது சூடு பட்டால் அதை வெளியிடும் பொருள் இருக்கும். தடவிய பிறகு 200 டிகிரிக்கு மேல் சூடான இரும்பை முடியில் இழுக்கும்போது அது வாயுவாகக் கிளம்பி நேராக மூக்குக்கு வருகிறது. தோல் வாசலில் வரும் டையைப் பற்றி ஊரே பேசுகிறது. நுரையீரல் வாசலில் வரும் இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று எழுதியிருந்தாலும் பிரசவம் முடியும்வரை இதைத் தள்ளிப்போடுவதுதான் சரி.

வளைகாப்புக்கு வைக்கும் மருதாணி தனிக் கதை. அரைத்த மருதாணி இலை முதலில் ஆரஞ்சாகப் பிடித்து, ஒன்றிரண்டு நாளில் சிவந்து கருஞ்சிவப்பாகும். பத்து நிமிடத்தில் கருப்பாகவோ கடுஞ்சிவப்பாகவோ பிடிக்கும் கோனில் இருப்பது இலை மட்டும் இல்லை, செயற்கைச் சாயம். கருப்புக் கோன்களில் தலைக்கு அனுமதிக்கப்பட்டதைவிடக் கெட்டியான பி.பி.டி. இருக்க வாய்ப்புண்டு. வைத்த கோலத்தின் வடிவத்திலேயே கொப்புளம் எழும்பும். வீட்டு மருதாணி போதும்.

நெயில் பாலிஷ்: பூசுபவருக்கும் பூசிவிடுபவருக்கும் உள்ள வித்தியாசம்

பத்து நகத்துக்குப் பூசும் பாலிஷில் இருப்பது பெரும்பாலும் எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் என்ற, சீக்கிரம் ஆவியாகும் கரைப்பான்கள். நகம் வழியாக உள்ளே போவது மிகச் சொற்பம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மாதத்துக்கு இரண்டு முறை பூசுவதால் கவலைப்பட ஒன்றும் இல்லை. வாங்கும்போது டொலுயீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் மூன்றும் இல்லாததைப் பார்த்து வாங்கலாம்.

இதில் டொலுயீனின் கதை அளவின் அருமையைக் காட்டும். போதைக்காக டொலுயீன் கலந்த பெயின்ட் தின்னரைக் கர்ப்பத்தில் தொடர்ந்து முகர்ந்த பெண்களின் குழந்தைகள் முக அமைப்பிலும் மூளை வளர்ச்சியிலும் குறைகளோடு பிறந்தது மருத்துவத்தில் பதிவாகியிருக்கிறது. அதே பொருள் நகத்தில் ஒரு துளி இருந்தால் அந்த விளைவு வராது. ஆனால் ஏ.சி.க்காகக் கதவடைத்த பார்லரில் தினமும் எட்டு மணி நேரம் பாலிஷும் ரிமூவரும் கையாளும் கர்ப்பிணிக்கு இதே ஆறுதலைச் சொல்ல முடியாது. அவருக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் உள்ள இடம், மூடி வைத்த பாட்டில், மூடியுள்ள குப்பைத்தொட்டி, நடுநடுவே வெளிக்காற்று இவை கட்டாயம் வேண்டும். முதலாளியிடம் கேட்டுப் பெறும் உரிமை அவருக்கு உண்டு. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போதும் இதே விதிதான்: தின்னர் நெடி போகும்வரை வேறு வீட்டில் தங்குவது நல்லது.

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாலிஷை அழிக்கச் சொல்வதற்கு விஷம் காரணமில்லை. விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவியின் ஒளி நகத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அடர்ந்த நிறம் அதைக் குழப்பலாம்.

கொசு: விரட்டாமல் இருப்பதே பெரிய ஆபத்து

இந்த விஷயத்தில் "ரசாயனமே வேண்டாம்" என்று ஒதுங்குவது தவறான பாதுகாப்பு. கர்ப்பத்தில் டெங்கு வந்தால் ரத்தக்கசிவும் குறைப்பிரசவமும் நேரும் வாய்ப்பு கூடும். மலேரியா நஞ்சுக்கொடியிலேயே தங்கி எடை குறைந்த குழந்தைக்கு வழிவிடும். ஜிகா வைரஸ் குழந்தையின் தலையும் மூளையும் சரியாக வளராமல் செய்யும். அது எங்கோ தூரத்து நாட்டு நோயும் இல்லை, 2021-இல் பக்கத்துத் திருவனந்தபுரத்தில் பரவியது. ஆகவே எதால் விரட்டுவது என்பதுதான் கேள்வி.

சுருளை எடுத்துக்கொள்வோம். பச்சைச் சுருளில் கொசு மருந்து பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு. மீதி எல்லாம் மரத்தூள், தேங்காய் ஓட்டுத்தூள், ஒட்டுவதற்கான மாவு, நிறம். ராத்திரி எட்டு மணி நேரம் நீங்கள் சுவாசிப்பது பெரும்பாலும் கனன்று எரியும் தூளின் புகையைத்தான். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை வைத்துச் செய்து 2003-இல் வெளியான ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரிவதற்குச் சமம் என்று கண்டது. நுண்துகள் என்பது மூக்கின் வடிகட்டலில் சிக்காமல் நுரையீரலின் அடிவரை போகும் அளவுக்குச் சிறிய தூசி. சுருளில் நிகோடின் கிடையாது, அதனால் இதைச் சிகரெட் பிடிப்பதற்கு முழுச் சமமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் மூடிய அறையில் தினமும் என்றால் அது லேசான விஷயமில்லை.

அரைகுறையாக எரியும் எதுவும் கார்பன் மோனாக்சைடும் தரும். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது: குழந்தையின் ரத்தம் இந்த வாயுவைத் தாயின் ரத்தத்தைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு மெதுவாகவே விடும். தாய்க்கு லேசான தலைவலியோடு போவது குழந்தைக்கு அவ்வளவு லேசாக இருக்காது. வேப்பிலைப் புகை, முட்டை அட்டையைக் கொளுத்துவது, கரி நெருப்பில் சாம்பிராணி எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். இலை இயற்கையானது என்பதால் அதன் புகை வேறாகிவிடுவதில்லை.

சுருளுக்குப் பதிலாக முதலில் வைக்க வேண்டியது கொசுவலை. அதன் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். ஆனால் டெங்குவைத் தரும் ஏடிஸ் கொசு பகலில், குறிப்பாகக் காலையிலும் சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பும் கடிக்கும். அப்போது வலைக்குள் இருக்க மாட்டீர்கள். அந்த நேரத்துக்கு முழுக்கை, கால் மூடும் உடை, மூடப்படாத இடத்தில் பூச்சுக் க்ரீம்.

க்ரீம்களில் கர்ப்பிணிகளிடம் நன்றாகச் சோதிக்கப்பட்டது டீட் என்ற மருந்து. தாய்லாந்து-மியான்மர் எல்லையில் சுமார் 900 கர்ப்பிணிகளிடம் நடந்து 2001-இல் வெளியான ஆய்வில், பாதிப்பேர் முதல் மூன்று மாதத்துக்குப் பிறகு 20 சதவீத டீட்டைத் தினமும் பூசினார்கள். தாய்க்கோ, குழந்தையின் எடைக்கோ, பிறந்த பின் ஓராண்டு வளர்ச்சிக்கோ தீங்கு தெரியவில்லை. 20 சதவீதம் நான்கைந்து மணி நேரம் காக்கும், 10 சதவீதம் இரண்டு மணி நேரம். நம் கடைகளில் கிடைக்கும் க்ரீம்கள் பலவற்றில் இருப்பது டைஎத்தில் பென்சமைட் என்ற வேறு மருந்து. கர்ப்பிணிகளிடம் அதைப் பற்றிய ஆய்வு டீட் அளவுக்கு இல்லை. பெயரைப் படித்து வாங்குங்கள். எதுவானாலும் உடைக்கு அடியில் பூச வேண்டாம், புண்ணில் பூச வேண்டாம், வீட்டுக்குள் வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம்.

சுவரில் செருகும் லிக்விட் மெஷினில் புகை இல்லை. அதில் உள்ள டிரான்ஸ்ஃப்ளூத்ரின் போன்ற மருந்து ஆவியாக வரும். வலை கட்ட முடியாத வீட்டில் சுருளைவிட இது மேல். தலைமாட்டில் செருகாமல் அறையின் எதிர்ப்பக்கம் செருகி, ஒரு ஜன்னலுக்கு வலை அடித்துத் திறந்து வைத்துப் பயன்படுத்தலாம். கரப்பான், கரையான் மருந்து அடிக்க ஆள் வரும் நாளில் மட்டும் வீட்டிலேயே இருக்க வேண்டாம். அவர்கள் சொல்லும் நேரம் முடிந்து, யாராவது வீட்டைத் திறந்து காற்றாட விட்டுத் துடைத்த பிறகு திரும்புங்கள்.

இன்னொன்றும் வாரம் ஒருமுறை செய்ய வேண்டும். ஏடிஸ் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஃப்ரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, மூடியில்லாத டிரம் இவற்றை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்தாலே புகையின் தேவை குறையும்.

சுருக்கமாக: கொசுக்கடியைத் தவிர்க்க வேண்டும், பூச்சுக்குப் பயப்பட வேண்டாம், புகைக்குப் பயப்பட வேண்டும்.

பாத்ரூம்: தனித்தனியே சாதாரணம், சேர்ந்தால் விஷவாயு

தரை துடைக்கும் லோஷன், ஃபினாயில், பாத்திரச் சோப்பு, சோப்பாயில் இவை அட்டையில் சொன்ன அளவு தண்ணீர் கலந்து, கதவு திறந்திருந்தால் சிக்கலில்லை. நெடி பிடிக்கவில்லை என்றால் வேறு மாற்றிக்கொள்ளலாம். பாத்ரூம் மூலையில் பாச்சை உருண்டை வேண்டாம். அதன் ஆவி, ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தையின் ரத்த அணுக்களை உடைக்கும்.

உண்மையான ஆபத்து கலவையில். நம் ஊர் போர் தண்ணீரில் படியும் வெள்ளைக் கறை கால்சியம் உப்பு. ப்ளீச் கிருமியைக் கொல்லும், பாசியை வெளுக்கும், ஆனால் இந்த உப்பைக் கரைக்காது. அரை மணி நேரம் தேய்த்துப் பார்த்துவிட்டு, போகவில்லை என்று டாய்லெட் ஆசிட்டை அதன் மேலேயே ஊற்றுவது இப்படித்தான் நடக்கிறது. டாய்லெட் க்ளீனர்களில் சுமார் 10 சதவீதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். ப்ளீச்சும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

எவ்வளவு கலந்தால் ஆபத்து என்று பார்ப்போம். 5 அடி நீளம், 4 அடி அகலம், 8 அடி உயரம் உள்ள பாத்ரூமின் காற்று சுமார் 4.5 கன மீட்டர். காற்றில் பத்து லட்சத்தில் 10 பங்கு குளோரின் இருந்தாலே உடனடி ஆபத்து என்பது தொழிற்சாலைப் பாதுகாப்பில் வைத்திருக்கும் எல்லை. அது ஒரு கன மீட்டருக்கு 29 மில்லிகிராம். இந்த அறைக்கு மொத்தம் 130 மில்லிகிராம். 5 சதவீத லிக்விட் ப்ளீச்சில் 1 மில்லியிலிருந்து சுமார் 48 மில்லிகிராம் குளோரின் வர முடியும். அதாவது 3 மில்லி, அரை டீஸ்பூன் அளவு ப்ளீச் முழுவதும் ஆசிட்டோடு வினைபுரிந்து காற்றில் கலந்தால் கதவடைத்த பாத்ரூம் அந்த எல்லையைத் தொட்டுவிடும். மூடியால் அளந்து ஊற்றுபவர்கள்கூட இதைவிட அதிகமாகத்தான் ஊற்றுகிறார்கள்.

அதோடு குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தேங்கும். குந்தி உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்ப்பவரின் முகம் சரியாக அந்த உயரத்தில் இருக்கும். குழந்தைக்கு இதில் வரும் ஆபத்து தாயின் மூச்சு வழியாகத்தான்: அவருடைய நுரையீரல் புண்ணாகி ஆக்ஸிஜன் குறைந்தால் குழந்தைக்கும் குறையும்.

அதனால் ஆசிட் ஒரு நாள், ப்ளீச் வேறொரு நாள். ஆசிட் போடும் நாளில் கதவைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, கறை மேல் ஊற்றி, வெளியே வந்து 15 நிமிடம் கழித்துத் தேய்த்து, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். எலுமிச்சையும் வினிகரும் கூட அமிலம்தான், ப்ளீச்சோடு சேர்க்கக் கூடாது. கண்ணாடி துடைக்கும் லிக்விட் சிலவற்றில் அம்மோனியா உண்டு. அது ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோராமின் என்ற இன்னொரு எரிச்சல் வாயு வரும். இந்த வேலையைக் கர்ப்பிணி செய்யாமல் வீட்டில் இன்னொருவர் செய்வது சிறந்தது. நாலைந்து வீட்டுப் பாத்ரூம்களைக் கழுவும் வேலைக்காரப் பெண் கர்ப்பமாக இருந்தால், ஆசிட் வேலையை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வீட்டுக்காரரின் கடமை.

நீச்சல் குள நெடி திடீரென்று தூக்கினாலோ, கண்ணும் தொண்டையும் எரிந்து இருமல் வந்தாலோ, தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். முதலில் வெளியே வாருங்கள். கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு மாடிக்கோ தெருவுக்கோ போங்கள். கண் எரிந்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். துணியில் தெளித்திருந்தால் கழற்றிவிடுங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சு இறுக்கம், நிற்காத இருமல் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. நுரையீரல் வீக்கம் சில மணி நேரம் கழித்தும் வரலாம். போகும்போது இரண்டு பாட்டில்களின் லேபிளையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மாதம் என்பதை முதலில் சொல்லுங்கள். குழந்தையின் துடிப்பைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.